தவறிய உள்நுழைவுகள்: எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

நிறுவனத்தின் இணைய போர்ட்டலில் ஊழியர் ஒருவர் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைய முயலும் ஒவ்வொரு முறையும், அந்த முயற்சி பலித்ததா இல்லையா என்பது சர்வரில் ஒரு வரியாகப் பதிவாகிறது. லாக் எனப்படும் இந்தப் பதிவில் ஐந்து விவரங்கள் இருந்தால் போதும்: முயற்சி நடந்த நேரம், கொடுக்கப்பட்ட பயனர்பெயர், முயற்சி வந்த ஐபி முகவரி, பயன்படுத்திய உலாவி, தவறியதற்கான காரணம். கடவுச்சொல் தவறா, அப்படி ஒரு பயனரே இல்லையா, கணக்கு ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்ததா என்று காரணத்தைப் பிரித்து எழுதுவது பின்னால் பெரிதும் உதவும்.

பதிவில் ஒருபோதும் இடம்பெறக் கூடாதது, முயன்று பார்த்த கடவுச்சொல். தவறான கடவுச்சொல்லும் பெரும்பாலும் சரியானதற்கு ஓரெழுத்து தள்ளியே இருக்கும். அவசரத்தில் பயனர்பெயர்க் கட்டத்திலேயே கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதனால், பட்டியலில் இல்லாத பயனர்பெயர்களை அறிக்கையில் முழுதாகக் காட்டாமல், எத்தனை என்று மட்டும் சொல்வதே பாதுகாப்பு.

வழக்கம் எது, திடீர் உயர்வு எது?

தவறிய முயற்சிகள் எந்த நிறுவனத்திலும் தினமும் இருக்கும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவை கூடும். ஞாயிறு நள்ளிரவில் அநேகமாக இராது. ஆகவே, "மணிக்கு ஐம்பதைத் தாண்டினால் எச்சரிக்கை" என்று ஒரே கோடு போட்டால், திங்கள் காலையில் வீண் எச்சரிக்கையும் ஞாயிறு இரவில் கவனக்குறைவும்தான் மிஞ்சும். ஒரு செவ்வாய் அதிகாலை இரண்டு மணி நிலவரத்தை, முந்தைய நான்கு செவ்வாய்களின் அதே மணி நேரத்தோடு ஒப்பிடுவதே முறை. அந்த நான்கு வாரங்களின் சராசரியை எடுத்தால், ஏதோ ஒரு வாரம் நடந்த தாக்குதல் அதை ஏற்றிவிடும். வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்தால் அந்தச் சிக்கல் குறையும்.

இதனுடன் ஒரு குறைந்தபட்ச எண்ணும் தேவை. வழக்கமாக ஒன்று இருக்கும் இடத்தில் நான்கு வந்தால் அது நான்கு மடங்குதான். ஆனால் யாரோ ஒருவர் கடவுச்சொல்லை மறந்திருக்கிறார் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. "வழக்கத்தைப்போல் ஐந்து மடங்கு, அதோடு குறைந்தது இருபது" என்பது போன்ற இரட்டை நிபந்தனை நடுத்தர நிறுவனத்துக்குத் தொடக்கமாகப் பொருந்தும். பிறகு அனுபவத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

உயர்வின் வடிவம்

எண்ணிக்கை கூடியது என்பது பாதிச் செய்திதான். அந்த முயற்சிகள் எத்தனை கணக்குகளில் பரவியிருக்கின்றன என்பதே மீதிப் பாதி.

ஒரே கணக்கின் மீது நூற்றுக்கணக்கான முயற்சிகள் வந்தால், ஒருவருடைய கடவுச்சொல்லை ஊகித்துத் திறக்கப் பார்க்கிறார்கள். ஐந்து முறை தவறினால் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இதைத் தடுத்துவிடும். அந்தப் பூட்டைத் தவிர்க்கவே தாக்குபவர்கள் முறையைத் திருப்பிப் போடுகிறார்கள். ஊரின் பெயரோடு 123 சேர்ப்பது போன்ற எளிய கடவுச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலும் ஓரிரு முறை மட்டும் முயல்கிறார்கள். இதைக் கடவுச்சொல் தெளிப்பு எனலாம். மூன்றாவது வகை, வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை அப்படியே இங்கே போட்டுப் பார்ப்பது. அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 14,000 கணக்குகள் திறக்கப்பட்டது இந்த வழியில்தான்.

ஒரு மாதிரி நிகழ்வு

400 ஊழியர்கள் விடுப்புக்கும் சம்பளச் சீட்டுக்கும் பயன்படுத்தும் போர்ட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் அதிகாலை 2 முதல் 3 மணிக்குள் அங்கே வழக்கமாக இரண்டு முயற்சிகள் தவறும். ஒரு செவ்வாயன்று 312 தவறுகின்றன. 312 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் பறந்தால் நிர்வாகி எதையும் படிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது இப்படி ஒரே சுருக்கம்:

"செவ்வாய் 2:00–3:00. அதே ஐபி முகவரிகளிலிருந்து பலித்த உள்நுழைவு: 1 (2:47 மணி, கணக்குப் பிரிவு ஊழியர்). தவறியவை 312, வழக்கம் 2. முயன்ற பெயர்கள் 156; பெயருக்கு 2 முயற்சிகள். அவற்றில் இல்லாத பெயர்கள் 38. ஐபி முகவரிகள் 24. பூட்டிய கணக்குகள் 0."

பெயருக்கு இரண்டே முயற்சி என்பதும், ஒரு கணக்குகூடப் பூட்டப்படவில்லை என்பதும் இது தெளிப்பு என்று காட்டுகின்றன. இல்லாத பெயர்கள் 38 இருப்பதால், தாக்குபவரிடம் இருப்பது பழைய பட்டியல் அல்லது ஊகம். இவை எல்லாவற்றையும்விட முதல் வரிதான் முக்கியம். தவறிய 312 முயற்சிகளும் வாசலோடு நின்றுவிட்டன. பலித்த ஒன்று உள்ளே இருக்கிறது. தவறியவற்றை மட்டும் எண்ணும் கண்காணிப்பில் அது தெரியவே தெரியாது. அந்தக் கணக்கின் அமர்வைத் துண்டிப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது, 2:47க்குப் பிறகு அங்கே என்ன பார்க்கப்பட்டது, என்ன மாற்றப்பட்டது என்று தேடுவது ஆகியவை நிர்வாகியின் உடனடி வேலைகள்.

தாக்குதல் போலத் தோன்றுபவை

கடவுச்சொற்கள் ஒரே நாளில் காலாவதியாகும் நிறுவனத்தில் மறுநாள் காலை பல கணக்குகளில் இரண்டு மூன்று தவறுகள் நிகழும். பார்வைக்குத் தெளிப்பு போலவே இருக்கும். ஆனால் அவை அலுவலக ஐபியிலிருந்து வரும். சில நிமிடங்களில் அநேகமாக எல்லாக் கணக்குகளிலும் உள்நுழைவு பலித்துவிடும். ஒரே கணக்கில் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறினால், பழைய கடவுச்சொல்லோடு ஓடும் தானியங்கி நிரலையோ கைபேசிச் செயலியையோ தேட வேண்டும்.

எல்லா முயற்சிகளும் ஒரே ஐபியிலிருந்து வருவதுபோல் தெரிந்தால், முதலில் பதிவு முறையையே சந்தேகிக்க வேண்டும். போர்ட்டலுக்கு முன்னால் சுமை பகிர்வி இருந்தால், உண்மையான முகவரிக்குப் பதிலாக அதன் முகவரியே பதிவாகியிருக்கக்கூடும். அதைத் தெரியாமல் தடை செய்தால் மொத்த நிறுவனமும் வெளியே நிற்கும். நேரமும் அப்படியே: சர்வர் உலகப் பொது நேரத்தில் பதிந்தால், இந்திய நேரத்தோடு ஐந்தரை மணி வேறுபாடு வந்து, காலை வேலைநேரம் அதிகாலையாகத் தோன்றும்.

மெதுவான தாக்குதல்

மணிக்கணக்கில் உயர்வைத் தேடும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. 2023 நவம்பர் இறுதியில் தொடங்கி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில், சில கணக்குகளை மட்டும் குறிவைத்து, குறைந்த எண்ணிக்கையில், வீட்டு இணைய இணைப்புகள் வழியாக முயற்சிகள் வந்தன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு திறந்துகொண்டது. ஊடுருவல் கண்டறியப்பட்டது 2024 ஜனவரி 12ஆம் தேதி.

இத்தகைய தாக்குதலில் எந்த மணி நேரத்திலும் உயர்வு தெரியாமலே போகலாம். எனவே மணிநேரச் சுருக்கத்தோடு வாராந்திரச் சுருக்கமும் வேண்டும்: அந்த வாரம் தவறிய முயற்சியைச் சந்தித்த கணக்குகள் எத்தனை, இதுவரை வராத முகவரியிலிருந்து பலித்த உள்நுழைவுகள் எவை, யாரும் பயன்படுத்தாத கணக்குகளில் ஏதேனும் அசைவு உண்டா. மூன்றாவது கேள்விக்கு "உண்டு" என்று பதில் வந்தால், ஒரே ஒரு முயற்சியானாலும் நிர்வாகி அதைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்கு தேவையில்லை என்றால் மூடிவிட வேண்டும்.