அரியர் போடும் முடிச்சு

செமஸ்டர் முடியும் தறுவாயில் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி மாணவர்களின் கைபேசிகளில் ஒரு கோப்பு சுற்றத் தொடங்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணை அது. எல்லாரும் முதலில் கடைசித் தேர்வு என்றைக்கு என்றுதான் பார்ப்பார்கள், ஊருக்கு டிக்கெட் போட வேண்டுமே. அரியர் வைத்திருப்பவர்கள் மட்டும் வேறொன்றைத் தேடுவார்கள்: ஒரே நாளில் ஒரே வேளையில் தனக்கு இரண்டு தாள் விழுந்திருக்கிறதா?

அட்டவணையின் அமைப்பு எளிமையானது. தேதி, வேளை, தாளின் குறியீடு, தாளின் பெயர், அவ்வளவுதான். வேளை என்பது இரண்டு: காலை 10 முதல் 1 வரை முற்பகல், 2 முதல் 5 வரை பிற்பகல். ஒவ்வொரு தாளும் மூன்று மணி நேரம். குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். CS3301 என்ற குறியீட்டில் முதல் இரண்டு எழுத்தும் துறையைச் சொல்கின்றன. அடுத்த 3 என்ற இலக்கம் 2021ஆம் ஆண்டு பாடத்திட்டம் என்பதைக் குறிக்கிறது. 2017 பாடத்திட்டமானால் அந்த இடத்தில் 8 இருக்கும். அதற்கடுத்த இலக்கம் எத்தனையாவது செமஸ்டர் என்பது. ஆகவே CS3301 கணினித் துறையின் மூன்றாம் செமஸ்டர் தாள், CS3591 ஐந்தாம் செமஸ்டர் தாள், MA3151 முதல் செமஸ்டர் கணிதம்.

அரியரே இல்லாத உலகமாக இருந்தால் இந்த அட்டவணையை ஒரு மதியத்தில் போட்டுவிடலாம். ஒரு வகுப்பில் ஐந்தாறு தாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வைத்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மூன்றாம் செமஸ்டருக்கும் ஏழாம் செமஸ்டருக்கும் ஒரே வேளையில் தேர்வு வைத்தாலும் கேட்பாரில்லை, ஏனென்றால் இரண்டிலும் உட்காரும் ஆள் கிடையாது. அரியர் வந்ததும் அந்தச் சுவர் இடிகிறது. ஏழாம் செமஸ்டர் மாணவர் ஒருவருக்கு மூன்றாம் செமஸ்டரில் ஒரு தாள் நின்றுபோயிருந்தால், அந்த இரண்டு செமஸ்டர் தாள்களுக்கும் இடையே அவர் ஒரு முடிச்சைப் போட்டுவிடுகிறார். நவம்பர்-டிசம்பர் தேர்வில் ஒற்றைப்படை செமஸ்டர் தாள்கள் மட்டுமல்ல, இரண்டாம், நான்காம், ஆறாம் செமஸ்டர் அரியர் தாள்களும் நடக்கின்றன. எனவே முடிச்சு எங்கிருந்தும் எங்கும் விழலாம்.

அப்படியானால் எந்த இரண்டு தாளும் ஒரே வேளையில் வராதபடி தனித்தனியாக வைத்துவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துறைக்கு எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து எழுத்துத் தேர்வு சுமார் 40 தாள் என்று கொள்வோம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் 20 நாள். பழைய பாடத்திட்டத்தின் தாள்களையும் தனியாக வைத்தால் 40 நாள். ஞாயிறை விட்டால் ஏழு வாரம். ஒரு துறைக்கே இப்படி. அதனால் ஒரு வேளையைப் பல தாள்கள் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். எதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

சில சேர்க்கைகள் இலவசம். 2017 பாடத்திட்டத்தில் CS8391, 2021 பாடத்திட்டத்தில் CS3301, இரண்டுக்கும் பெயர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்தான். ஒரு மாணவர் ஏதாவது ஒரு பாடத்திட்டத்தின் கீழ்தான் இருப்பார், இரண்டையும் எழுதுகிறவர் இருக்க மாட்டார். ஆகவே இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேளையில் வைக்கலாம். வினாத்தாள் வேறு, விடைத்தாள் கட்டு வேறு என்றாலும் வேளை ஒன்றே போதும்.

மற்றவற்றுக்கு எண்ணித்தான் ஆக வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும்போது ஒவ்வொரு மாணவரும் எந்தெந்தத் தாள் எழுதப்போகிறார் என்று பதிவாகிறது. அந்தப் பதிவிலிருந்து, எந்த இரண்டு தாளை எடுத்தாலும் இரண்டையும் எழுதுகிறவர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். அதில் பூஜ்யம் என்று வந்தால் சேர்த்து வைக்கலாம். ஒன்று என்று வந்தாலும் கூடாது. ஒருவர் மோதினாலும் நூறு பேர் மோதினாலும் அட்டவணைக்கு அது மோதல்தான், இதுதான் இந்த வேலையின் கறார்த்தனம்.

வரிசையும் முக்கியம். 1967இல் வெல்ஷ், பவல் என்ற இருவர் எழுதிய கணிதக் கட்டுரை ஒன்று கால அட்டவணைப் பிரச்சினையை வரைபடங்களுக்கு நிறம் தீட்டும் பிரச்சினையாகப் பார்த்தது. தாள்களைப் புள்ளிகளாகவும், இரண்டுக்கும் பொதுவாக ஆள் இருந்தால் அவற்றுக்கிடையே ஒரு கோடாகவும் வரைந்துகொள்ள வேண்டும். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. நிறம் என்பது இங்கே வேளை. அதிகக் கோடுகள் பாயும் புள்ளிக்கு முதலில் நிறம் கொடு என்பது அவர்கள் சொன்ன வழி. நம் அட்டவணையில் அந்தப் புள்ளி முதலாண்டுக் கணிதமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஏறக்குறைய எல்லாத் துறைக்கும் அது பொது, அரியரும் அதில்தான் குவியும். வினாத்தாள் ஒன்றே என்பதால் துறைக்கொரு நாள் என்று பிரித்தும் வைக்க முடியாது. முதலில் அதை உட்காரவைத்துவிட்டு, நான்கைந்து பேர் எழுதும் விருப்பப் பாடங்களைக் கடைசியில் இடுக்குகளில் செருக வேண்டும். தலைகீழாகச் செய்தால் கடைசியில் கணிதத்துக்கு இடமே இருக்காது.

இனி ஒரு மோதலை அவிழ்த்துப் பார்ப்போம். குறியீடுகள் உண்மையானவை, நாட்களும் ஆள் கணக்கும் விளக்கத்துக்காக நான் போட்டவை. வரைவு அட்டவணையில் திங்கள் முற்பகலில் CS3301 இருக்கிறது. அதே வேளையில் GE3791, அதாவது பெரும்பாலான துறைகள் ஏழாம் செமஸ்டரில் எழுதும் மனித விழுமியங்கள் தாளும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறவர்கள் மூன்று பேர். இரண்டில் எதை நகர்த்துவது? GE3791 பல துறைகளுக்குப் பொது. அதை அசைத்தால் பல இடத்தில் அதிரும். ஆகவே CS3301ஐத்தான் நகர்த்த வேண்டும்.

செவ்வாய் முற்பகலில் MA3354 இருக்கிறது. அதுவும் மூன்றாம் செமஸ்டர் தாள். அங்கே போனால் வகுப்பு முழுவதும் மோதும். புதன் முற்பகலில் CS3591. ஐந்தாம் செமஸ்டர் படித்துக்கொண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் அரியர் வைத்திருப்பவர்கள் அறுபது பேர், அங்கேயும் முடியாது. செவ்வாய் பிற்பகலில் CS3492 என்ற நான்காம் செமஸ்டர் அரியர் தாள் மட்டும் இடிக்கிறது. இரண்டும் நின்றுபோனவர்கள் பதினொரு பேர். இந்த இடத்தில் நேரே நகர்த்துவதை விட்டுவிட்டு, தடையாக இருப்பதை நகர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். வெள்ளி பிற்பகலில் சிலர் மட்டுமே எழுதும் ஏழாம் செமஸ்டர் விருப்பப் பாடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் CS3492க்கும் பொதுவாக யாரும் இல்லை. எனவே CS3492 வெள்ளிக்குப் போகிறது, காலியான செவ்வாய் பிற்பகலுக்கு CS3301 வருகிறது. மோதல் பூஜ்யம்.

ஆனால் செவ்வாயை முழுசாகப் பாருங்கள். காலையில் MA3354, மதியம் CS3301. மூன்று பேரைக் காப்பாற்றப் போய், மூன்றாம் செமஸ்டர் மாணவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் ஆறு மணி நேரம் எழுதவைத்திருக்கிறோம். விதிப்படி இது மோதல் அல்ல, ஆனால் வகுப்புக்கே இப்படிச் செய்வது கொடுமை. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வேளையில் இருக்கும் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வேறொரு வேளையில் வைத்து, அந்த வேளையின் மூட்டையை இங்கே கொண்டுவந்தால் புதிய மோதல் ஒன்றுகூட வராது. மோதல் என்பது யார் யாருடன் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, என்றைக்கு என்பதைப் பொறுத்ததல்ல. வியாழன் காலையில் மூன்றாம் செமஸ்டர் தாள் எதுவும் இல்லை. செவ்வாய் பிற்பகலையும் வியாழன் பிற்பகலையும் அப்படியே இடம் மாற்றினால் வகுப்புக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வும் கிடைத்துவிடுகிறது. வியாழனிலிருந்து செவ்வாய்க்கு வந்த தாள்கள் அங்கே வேறு யாருக்காவது ஒரே நாளில் இரண்டாகின்றனவா என்பதை மட்டும் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் அட்டவணை வெளியாகும் முன்பு நடக்க வேண்டியவை. வெளியான பிறகு கை கட்டப்பட்டுவிடுகிறது. வினாத்தாள் கட்டுகளில் தேதி, அறை ஒதுக்கீடு, கண்காணிப்பாளர் பட்டியல் எல்லாம் அதன்படி ஓடத் தொடங்கிவிடும். அப்போதும் மோதல்கள் எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் தாமதமாகப் பதிவு செய்தவர்களால். மாணவர் செய்ய வேண்டியது, ஹால் டிக்கெட்டில் உள்ள தாள்களை ஒரு காகிதத்தில் தேதி வரிசைப்படி எழுதிப் பார்ப்பது. ஹால் டிக்கெட்டில் தாள்கள் செமஸ்டர் வரிசையில் இருந்தால், ஒரே தேதியும் வேளையும் இரண்டு மூலைகளில் ஒளிந்துகொள்ளும். கண்டுபிடித்த அன்றே கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் வழியாகத்தான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும். மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தாளாக இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும், பாஸாகிவிட்டால் மோதலே மறைந்துவிடும் அல்லவா?

மோதும் தாள்களில் ஒன்றை எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால் அதை நகர்த்தலாம். அதற்கும் வழியில்லை என்றால் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் எழுதவைத்து, இடைப்பட்ட நேரத்தில் மாணவரைக் கண்காணிப்பில் வைத்திருப்பது இன்னொரு வழி. பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வுகளில் இது வழக்கமான ஏற்பாடு. ஒரே நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு தாளை மறுநாள் காலைக்குத் தள்ளி, இரவு முழுக்க மாணவரை மேற்பார்வையில் வைத்திருக்கவும் அங்கே விதி உண்டு. கைபேசி கிடையாது, மற்ற மாணவர்களைப் பார்க்கவும் கூடாது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் ஒரே வினாத்தாள் ஓடும் இடத்தில், ஒவ்வொரு மையத்திலும் அப்படிக் காவல் வைக்க ஆளைத் தேடுவது எளிதல்ல.

எதுவும் முடியாதபோது ஒரு தாளை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளுவதுதான் மிச்சம். இரண்டாமாண்டு மாணவருக்கு அது தொல்லை, அவ்வளவுதான். கடைசி ஆண்டு மாணவருக்கு அது பட்டமே ஆறு மாதம் தள்ளிப்போவது. யாருக்காக அட்டவணையை அசைப்பது என்று கேட்டால், கடைசி ஆண்டுக்காரருக்காக என்றுதான் நான் சொல்வேன்.

நவம்பர்-டிசம்பரில் மழை என்ற தனி வில்லன் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தேர்வுகள் தள்ளிப்போனது பலருக்கு நினைவிருக்கும். நான்கு மாவட்டத்தில்தான் மழை என்றாலும், வினாத்தாள் பொது என்பதால் எல்லா மாவட்டத்துக்கும் தள்ளிவைப்பதே பாதுகாப்பு. தள்ளிப்போகும் வேளையை மூட்டையாகவே எடுத்து அட்டவணையின் கடைசியில் ஒரு காலி நாளில் வைத்தால் எந்த மோதலும் வராது. நாட்கள் போதாமல் மூட்டையைப் பிரித்து, தாள்களை ஏற்கெனவே இருக்கும் வேளைகளில் ஒவ்வொன்றாகச் செருகினால் மட்டும் பட்டியலை எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் காலி நாளில் யாருக்காவது வேலைக்கான நேர்முகத் தேர்வு இருக்கிறதா என்பது எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு மாணவர் நிறுவனத்திடம்தான் தேதி கேட்டு மன்றாட வேண்டும்.