பெயர் ஒருவருடையது, கல்லா இன்னொருவருடையது

வணிகவியல் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் ஒருவர் நான்கு ஃபில்டர் காபிக் கடைகள் நடத்துகிறார். நான்கிலும் கூட்டம். ஐந்தாவது கடைக்குக் கைக்காசு சேர இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆட்கள் வந்து, “முதல் நாங்கள் போடுகிறோம், உங்கள் பெயரை மட்டும் கொடுங்கள்” என்கிறார்கள். அவர் பிரான்சைஸ் கொடுக்கலாமா? வந்தவர்கள் எடுக்கலாமா?

இரண்டு பக்கத்துக்கும் நான்கு நன்மை, நான்கு தீமை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கடை போடப் போகிறவருக்கு அது போதாது. அவர் முதலில் பார்க்க வேண்டியது, இருவரின் வருமானமும் எங்கே பிரிகிறது என்பதை. பெயர் தருபவருக்கு வரும்படி விற்பனையிலிருந்து வருகிறது. கடை எடுப்பவருக்கோ, எல்லாச் செலவும் போன பிறகு மிஞ்சுவதிலிருந்து வருகிறது. பிரான்சைஸில் வரும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரைக்காரர் பிரான்சைஸ் கட்டணமாக ஐந்து லட்சம் கொடுக்கிறார். மேடை, மெஷின், பெயர்ப்பலகை, பாத்திரம் என்று பதினைந்து லட்சம். கடை அட்வான்ஸ் மூன்று லட்சம். கைமுதல் இரண்டு லட்சம். மொத்தம் 25 லட்சம். ஒரு நாள் விற்பனை 12,000 ரூபாய் என்று வையுங்கள், மாதம் 3,60,000. பால், தூள், சர்க்கரை, பலகாரச் சரக்கு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 38 வீதம் 1,36,800 போகிறது. வாடகை 45,000, நான்கு பேர் சம்பளம் 64,000, கேஸும் கரண்டும் 20,000, பழுது பார்ப்பது போன்ற சில்லறைச் செலவு 15,000. விற்பனையில் ஆறு சதவீதம் ராயல்டி, இரண்டு சதவீதம் விளம்பர நிதி. இரண்டும் சேர்ந்து 28,800.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. ராயல்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஐந்து சதவீத வரியில் நடக்கும் உணவுக் கடைக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. விளம்பர நிதிக்கும் அதே விகிதத்தில் பில் போட்டால் மாதம் 5,184 ரூபாய் திரும்பி வராத செலவாகப் போய்விடும். எல்லாம் கழித்தால் கல்லாவில் சுமார் 45,000 மிஞ்சும்.

பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. அட்வான்ஸும் கைமுதலும் திரும்பி வரும். கட்டணமும் மேடையும் மெஷினுமாகப் போட்ட 20 லட்சம் ஐந்து வருடத்தில் கரைந்துவிடும். அது மாதத்துக்கு 33,000 ரூபாய். மீதி 12,000தான் அவர் காலை ஐந்து மணியிலிருந்து கடையில் நின்றதற்குக் கிடைக்கும் கூலி. பணத்தைக் கடனாக வாங்கியிருந்தால் வட்டி அதற்குள்ளிருந்துதான் போக வேண்டும்.

அதே கடையில் நாளுக்கு 15,000 ஓடினால் மாதம் 92,000க்கு மேல் கையில் நிற்கும். வாடகையும் சம்பளமும் அப்படியே இருப்பதால் கூடுதல் விற்பனையில் பாதிக்கு மேல் அவருக்கே சேர்கிறது. விற்பனை 9,000 ஆக இறங்கினால் மாதம் இரண்டாயிரம் கைநஷ்டம். அந்த மாதத்திலும் திருச்சிக்காரருக்கு 16,200 ரூபாய் ராயல்டி போய்ச் சேர்ந்துவிடும்.

இனி நிஜத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்ற சகோதரர்கள் 1948இல் தங்கள் கடையை மாற்றி அமைத்தார்கள். உணவு வகைகளைக் குறைத்தார்கள். சமையலறையில் இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்தார்கள். ஹாம்பர்கரை 15 சென்டுக்கு விற்றார்கள். அவர்களும் பிரான்சைஸ் கொடுத்துப் பார்த்தார்கள்; பெயரையும் கட்டட வரைபடத்தையும் கொடுத்ததோடு சரி, போய்ப் பார்க்க ஆள் இல்லை. 1954இல் மில்க்ஷேக் மெஷின் விற்கும் ரே கிராக் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு, நாடு முழுதும் பிரான்சைஸ் கொடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பெற்றார். அடுத்த ஆண்டு இல்லினாயின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார்.

அவர் வைத்த விலையைக் கவனிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வெறும் 950 டாலர். விற்பனையில் 1.9 சதவீதம் ராயல்டி; அதிலும் அரை சதவீதம் சகோதரர்களுக்கு. அந்தக் காலத்தில் பிரான்சைஸ் கொடுத்த பலர் ஒரு மாநிலத்தையோ பெரிய வட்டாரத்தையோ மொத்தமாக விற்றுக் காசாக்கினார்கள். அல்லது தங்களிடம்தான் சரக்கு வாங்க வேண்டும் என்று சொல்லி அதில் லாபம் வைத்தார்கள். கிராக் ஒரு நேரத்தில் ஒரு கடைக்குத்தான் உரிமை கொடுத்தார். ரொட்டியையும் இறைச்சியையும் தானே விற்கவில்லை. அதனால் கடையில் ஹாம்பர்கர் விற்றால்தான் அவருக்குக் காசு. கடைக்காரர் தோற்றால் அவருக்கும் ஒன்றும் வராது. இப்படித் தன் பிழைப்பையும் கடைக்காரரின் பிழைப்பையும் ஒரே கயிற்றில் கட்டியது அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்பது என் கணிப்பு.

ஆனால் அந்த 1.4 சதவீதத்தில் ஒரு நிறுவனத்தை நடத்த முடியவில்லை. 1956இல் அவரது கூட்டாளி ஹாரி சானபார்ன் ஒரு வழி கண்டார். நிறுவனமே மனையையும் கட்டடத்தையும் நீண்ட குத்தகைக்கு எடுத்து, கூடுதல் வாடகைக்குக் கடைக்காரருக்கு விடுவது. குறைந்தபட்ச வாடகை, அல்லது விற்பனையில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது. வருமானமும் வந்தது, பிடியும் வந்தது. தரத்தைக் கெடுத்தால் பிரான்சைஸ் போகும். அதோடு கடை இருக்கும் இடமும் போகும்.

அந்தப் பிடி ஏன் தேவைப்பட்டது என்பதை கிராக் தன் கோல்ஃப் நண்பர்களிடம் கற்றிருந்தார். ஆரம்பத்தில் கடை எடுத்த அந்த வசதியானவர்களில் பலர் வேறு வருமானம் உள்ளவர்கள். மேனேஜரை நிறுத்திவிட்டுப் போனார்கள், விலையை ஏற்றினார்கள், இஷ்டப்படி உணவு வகைகளைச் சேர்த்தார்கள். வாக்கிகன் ஊரில் சேமிப்பை எல்லாம் போட்டுக் கடை எடுத்து, தாங்களே நின்று நடத்திய ஒரு தம்பதியின் கடையோ திறந்த நாளிலிருந்தே பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன் பிறகு கிராக் தேடியது கல்லாவில் நிற்கக்கூடிய ஆளைத்தான். பெயர் தருபவருக்கு முதல் மிச்சம் என்று மட்டும் புத்தகங்கள் சொல்லும். அதைவிடப் பெரிய லாபம், பால் பொங்கி வழிந்தால் வயிறு எரிகிற ஒரு ஆள் ஒவ்வொரு கடையிலும் கிடைப்பது. மாதச் சம்பளத்துக்கு அப்படி ஒருவரைப் பிடிப்பது கடினம்.

அந்த ஆளுக்குத் தன் ஊரும் தெரியும். சின்சினாட்டியில் கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதியில் கடை வைத்திருந்த லூ குரோன், வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இறைச்சி தொடாததால் கல்லா காலியாவதைக் கண்டு 1962இல் மீன் ரொட்டி செய்தார். அதுதான் ஃபிலே ஓ ஃபிஷ். பிக் மேக்கும் ஒரு கடைக்காரர் கண்டுபிடித்ததுதான். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் இவை தோன்றியிருக்காது.

மறுபடி நம் காபிக் கடைக்கு வருவோம். மதுரைக் கடையில் நாளுக்கு 12,000 ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவருக்கு அதே பெயரில் கடை கொடுக்கிறார்கள். பழைய கடைக் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போகிறது. இரண்டிலும் 9,000 ஓடுகிறது. திருச்சிக்காரரின் ராயல்டி 21,600இலிருந்து 32,400 ஆக ஏறுகிறது. மேற்கொண்டு இன்னொரு ஐந்து லட்சம் கட்டணமும் வருகிறது. கடைக்காரர்கள் இருவரும் நஷ்டத்தில். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தில் தூரம் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். என் கண்ணில் கடை எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

திருச்சிக்காரருக்கும் பயம் உண்டு. ஐந்து வருடம் தொழில் கற்றவர் பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சொந்தப் பெயரில் காபி போடலாம். முடிந்த பிறகும் அந்தத் தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கினாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அவரால் காக்க முடிந்தது பதிவு செய்த பெயரும், வெளியே சொல்லாத பக்குவமும்தான். அதனால் தூளை எந்தக் கொட்டையில், எந்த வறுவலில், எவ்வளவு சிக்கரியோடு அரைப்பது என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அரைத்த தூளாக மட்டும் அனுப்ப வேண்டும். அதில் அதிக லாபம் வைத்தால், விலை தாங்காத கடைக்காரர் வெளித்தூளைக் கலப்பார். ஒரு கடையில் டிகாக்ஷன் கெட்டால் அந்தப் பேச்சு நான்கு சொந்தக் கடைகளுக்கும் வந்து சேரும். கிலோ தூளுக்கு இத்தனை டபரா காபி என்று தெரியும். அனுப்பிய தூளையும் விற்ற காபியையும் மாதாமாதம் ஒப்பிட்டாலே கலப்படமும் கணக்கு மறைப்பும் தெரிந்துவிடும்.

மதுரைக்காரர் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அமெரிக்காவில் பிரான்சைஸ் கொடுப்பவர் தன் விவரங்களை எழுத்தில் முன்கூட்டியே தர வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே அவரே போய்ப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் ஒரு கடைக்குக் காலையில் திறந்தவுடன் போய் ஒரு காபி வாங்கட்டும். இரவு மூடும் முன் இன்னொன்று. இரண்டு பில்லின் வரிசை எண்களையும் கழித்தால் அன்றைக்கு எத்தனை பில் என்று தெரியும். 12,000 ரூபாய்க்குச் சராசரி பில் நாற்பது ரூபாய் என்றால் 300 பில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, இரண்டு ஊர்களில் பார்த்தால் விற்பனை விவரப் புத்தகத்தில் அச்சடித்த எண்ணை நம்பலாமா என்று புரிந்துவிடும். பிறகு பெயர் தருபவரிடம் ஒரே கேள்வி: உங்கள் போன வருட வருமானத்தில் ராயல்டி எவ்வளவு, புதுக் கட்டணம் எவ்வளவு? கட்டணம்தான் பெரும்பங்கு என்றால் அவர் பிழைப்பது புதிதாக ஆள் சேர்ப்பதில். காபி விற்பதில் அல்ல. அங்கே பணம் கட்டக் கூடாது.

கேள்விக்கு என் விடை இது. திருச்சிக்காரர் முதலில் ஒரு மாதம் தன் நான்கு கடைகளுக்கும் போகாமல் இருந்து பார்க்கட்டும். சுவை மாறவில்லை என்றால் அவரிடம் கொடுக்கக் கூடிய முறை இருக்கிறது. மாறினால் அவரது கைதான் அந்தக் கடை. அதை யாருக்கும் பிரான்சைஸ் கொடுக்க முடியாது. முறை இருக்கும் பட்சத்தில், அதே நாளில் போய்த் திரும்பக்கூடிய தஞ்சாவூருக்கு முதல் கடையைக் கொடுக்கட்டும். கட்டணத்தை ஐந்திலிருந்து இரண்டு லட்சமாக இறக்கி, ஒப்பந்தத்தை ஏழு வருடமாக்கட்டும். போட்ட பணம் 17 லட்சமாகக் குறைந்து 84 மாதங்களில் பரவினால் மாதச் சுமை 33,000இலிருந்து சுமார் 20,000க்கு வந்துவிடும். கடைக்காரர் நின்று மூச்சுவிட முடியும். இரண்டு கிலோமீட்டருக்குள் அடுத்த கடை வந்தால் முதல் உரிமை அவருக்கே என்று எழுதட்டும்.

மீதி இருப்பது சானபார்னின் கேள்வி: வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? திருச்சிக்காரர் பெயரில் என்றால் ஏழு வருடம் கழித்துத் தஞ்சாவூர்க்காரருக்குப் பலகையும் போகும், தெருவும் போகும். தஞ்சாவூர்க்காரர் பெயரில் என்றால், வாடிக்கையாளர்கள் பழகிய அந்த முனை அவரோடேயே தங்கிவிடும். இருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதிக நேரம் பேச வேண்டிய பத்தி அதுதான்.