ஒளிரும் புள்ளி எல்லாம் புற்றுநோய் அல்ல

பெட் ஸ்கேன் படத்தில் நெஞ்சுக்குள் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் குடும்பமே இடிந்துபோகிறது. ஆனால் அந்தக் கருவிக்குப் புற்றுநோயை இனம்காணத் தெரியாது. உடலில் எந்த இடம் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஸ்கேனுக்கு முன் சுமார் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது. பிறகு எஃப்.டி.ஜி. என்ற மருந்தை நரம்பில் செலுத்துவார்கள். அது குளுக்கோஸைப் போன்ற ஒரு மூலக்கூறு. அதில் கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்க்கப்பட்டிருக்கும். அடுத்த ஒரு மணி நேரம் நோயாளி அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும். அதற்குள் செல்கள் குளுக்கோஸைப் போலவே அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் குளுக்கோஸைப் போல அதை முழுவதும் எரிக்க முடியாது. அது செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அங்கிருந்து வரும் கதிர்களை வளைய வடிவக் கருவி பிடித்துப் படமாக்குகிறது. மருந்து அதிகம் சேர்ந்த இடம் பளிச்சிடுகிறது.

வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் பலவும் சர்க்கரையை அள்ளி எடுப்பவை. ஆனால் மூளையும் எப்போதும் சர்க்கரையை எரிப்பதுதான். அதனால் எல்லோருக்கும் அது ஒளிரும். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் ஒளிரும். கிருமியை எதிர்த்துப் போராடும் வெள்ளையணுக்களுக்கும் சர்க்கரை நிறையத் தேவை. ஆகவே அழற்சி உள்ள இடமும் ஒளிரும்.

காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது பெரிய சிக்கல். நுரையீரலில் புற்றுக்கட்டி உறுதியான ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டியோடு, நெஞ்சின் நடுவே எதிர்ப்பக்கத்து நிணநீர் முடிச்சுகளும் ஒளிர்கின்றன. புற்று அங்கே பரவியிருந்தால் நோய் மூன்றாம் கட்டம். பொதுவாக அறுவை சிகிச்சையை முதலில் செய்ய மாட்டார்கள். அது காசநோயின் வேலையாக இருந்தால், கட்டியை அகற்றும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

அறிக்கையில் எஸ்.யு.வி. என்ற எண் இருக்கும். மருந்து எவ்வளவு சேர்ந்தது என்பதன் அளவு அது. எண் கூடினால் சந்தேகம் கூடலாம். ஆனால் காசநோய் முடிச்சும் புற்று முடிச்சும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எனவே மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயைச் செலுத்தி, ஊசியால் முடிச்சிலிருந்து திசு எடுப்பார்கள். அதில் புற்றுச்செல் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமிக்கும் தனியே சோதிப்பார்கள்.

ஒளிராவிட்டால் புற்று இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மெதுவாக வளரும் சில புற்றுகளும் மிகச் சிறிய கட்டிகளும் மங்கலாகவே தெரியும். அண்மையில் தடுப்பூசி, காய்ச்சல், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பழைய காசநோய் என்று எது இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அறிக்கை வந்த பின், சிகிச்சையையே மாற்றக்கூடிய புள்ளி எது, அதைத் திசுப் பரிசோதனையால் உறுதிசெய்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.