112 எங்கிருந்து வந்தது?

மெக்கானிக்கல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, விடுமுறையில் கடலோர அனல் மின்நிலையம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். எரிபொருள் கணக்கைக் கவனிக்கும் பிரிவில் அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே சுவரில் ஒரு பெரிய படம். இடது ஓரத்தில் நிலக்கரியிலிருந்து அகலமான பட்டை ஒன்று கிளம்பி வலப்பக்கம் போகிறது. போகும் வழியில் சிறிய பட்டைகளாகப் பிரிந்து புகைபோக்கிக்கும் கடலுக்கும் இறங்குகிறது. கடைசியில் எஞ்சும் பட்டைதான் ஊருக்குப் போகும் மின்சாரம். பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு சக்தி என்பதே படத்தின் விதி. நிலக்கரிப் பட்டையின் அகலம் 100 மில்லிமீட்டர் என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

அவள் ஸ்கேலை வைத்து அளந்தாள். நிலக்கரி 100 சரி. பாய்லரிலிருந்து இழப்புகளாகப் பிரியும் பட்டைகள் சேர்ந்து 14. அப்படியானால் பாய்லரை விட்டு வெளியேறும் நீராவிப் பட்டை 86 இருக்க வேண்டும். ஆனால் அது 112 இருந்தது. உள்ளே போன நிலக்கரியைவிட அகலம். சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியிலிருந்தே படித்து வந்தவளுக்கு, படம் வரைந்தவர் தவறு செய்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த வகைப் படத்துக்குச் சாங்கி வரைபடம் என்று பெயர். அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் கேப்டன் சாங்கி, 1898இல் ஒரு நீராவி எந்திரத்தில் வெப்பம் எங்கெங்கே போகிறது என்பதை இப்படிப் பட்டைகளால் வரைந்து காட்டினார். உண்மையான எந்திரத்தோடு, இழப்பே இல்லாத கற்பனை எந்திரம் ஒன்றையும் வரைந்து இரண்டையும் ஒப்பிட வைத்தார். இன்று தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை ஆகிய இடங்களில் இருப்பவை போன்ற 210 மெகாவாட் எந்திரங்களுக்கும் அதே முறையில் படம் வரையலாம். மாணவி பார்த்ததும் அந்த அளவிலான எந்திரத்தின் படம்தான். எண்கள் எளிதாகப் புரிவதற்காக முழு எண்களாக்கப்பட்டவை.

அவள் கேள்வியோடு வருவதைப் பார்த்த பொறியாளர், பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

"பாய்லரைச் சுத்தி ஒரு வட்டம் போடும்மா. வட்டத்துக்குள்ள வர்ற பட்டை எல்லாத்தையும் கூட்டு. வெளிய போறது எல்லாத்தையும் கூட்டு."

"வர்றது நிலக்கரி மட்டும்தானே சார்?"

"கீழ பாரு."

படத்தின் அடியில் மெல்லிய நிறத்தில் ஒரு பட்டை டர்பைனிலிருந்து கிளம்பி, பின்னோக்கி வந்து பாய்லருக்குள் நுழைந்தது. அவள் அதை அலங்காரக் கோடு என்று நினைத்து விட்டிருந்தாள். அளந்தாள். 26. இப்போது உள்ளே வருவது 100 + 26, மொத்தம் 126. வெளியே போவது நீராவி 112, இழப்பு 14. அதுவும் 126. கணக்கு இம்மி பிசகவில்லை.

அந்த 26 என்ன? டர்பைனுக்குள் நீராவி பல கட்டங்களில் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் அழுத்தமும் சூடும் இறங்கும். எல்லா நீராவியையும் கடைசிவரை போக விடுவதில்லை. ஆறேழு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடுவழியிலேயே உருவி எடுக்கிறார்கள். அந்த நீராவி, பாய்லருக்குத் திரும்பிப் போகும் தண்ணீரை வரிசையாக நிற்கும் ஹீட்டர்களில் சூடேற்றுகிறது. கண்டன்சரில் 45 டிகிரியில் கிளம்பும் தண்ணீர், பாய்லர் வாசலுக்கு வரும்போது சுமார் 240 டிகிரிக்கு ஏறியிருக்கும். அந்தச் சூடுதான் 26.

கடைக்காரர் காலையில் கல்லாவில் 26 ரூபாய் சில்லறை போட்டுவிட்டு வியாபாரத்தைத் தொடங்குகிறார் என்று வையுங்கள். அன்றைய விற்பனை 86 ரூபாய். இரவில் கல்லாவில் 112 இருக்கும். அதற்காக 112 ரூபாய்க்கு வியாபாரம் நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 26 ரூபாய் மறுநாளும் அதே சில்லறையாகக் கல்லாவுக்கே போகும். நீராவிப் பட்டையின் அகலமும் இப்படித்தான். நிலக்கரியிலிருந்து புதிதாக வந்தது 86. சுற்றிக்கொண்டே இருப்பது 26.

இந்தச் சுற்றுப் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதன் அகலம், வெப்பத்தை எந்த வெப்பநிலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் படத்தில் கண்டன்சரிலிருந்து வரும் 45 டிகிரித் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். வேறொருவர் 25 டிகிரியிலிருந்து எண்ணினால் சுற்றுப் பட்டை இன்னும் சற்று அகலமாகும், நீராவிப் பட்டையும் அதற்கேற்ப அகலமாகும். நிலக்கரியும் மின்சாரமும் மாறாது. அதனால் ஒரு சாங்கி படத்தில் நடுவில் ஒரு பட்டை எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வட்டம் போட்டு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கூட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி.

அவள் அடுத்த வட்டத்தை டர்பைனைச் சுற்றிப் போட்டாள். உள்ளே 112. வெளியே ஹீட்டர்களுக்கு 26, டர்பைன் தண்டு வழியாக 38, கண்டன்சர் வழியாகக் கடலுக்கு 48. தண்டில் வந்த 38இல் 1 உராய்விலும் ஜெனரேட்டரிலும் போய், 37 மின்சாரமாகிறது. அதில் 3 பங்கை நிலையத்தின் பம்புகளும் மின்விசிறிகளும் நிலக்கரி அரைக்கும் ஆலைகளுமே எடுத்துக்கொள்கின்றன. ஊருக்குப் போவது 34.

புகைபோக்கிதான் பெரிய திருடன் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் பாய்லர் இழப்பு மொத்தமே 14. கண்டன்சர் மட்டும் 48. ஊருக்குப் போகும் மின்சாரத்தைவிட அதிகமான சக்தி கடலுக்குப் போகிறது. உடனே நியாயமான கேள்வி ஒன்று வந்தது.

"சார், 26ஐத் திருப்பிக் கொண்டுவர முடியுதுன்னா, இந்த 48ஐயும் அதே மாதிரி பாய்லருக்குத் திருப்ப முடியாதா?"

முடியாது. காரணம் படத்தில் இல்லை, வெப்பநிலையில் இருக்கிறது. டர்பைனின் நடுவழியில் உருவிய நீராவி, தான் சூடேற்ற வேண்டிய தண்ணீரைவிடச் சூடாக இருக்கிறது. அதனால் வெப்பம் தண்ணீருக்குத் தானாகவே போகும். டர்பைனின் கடைசிக் கட்டத்தைத் தாண்டி வரும் நீராவியோ சுமார் 45 டிகிரிதான். பாய்லருக்குப் போகக் காத்திருக்கும் தண்ணீரும் அதே 45 டிகிரி. சமமான சூடுள்ள இரண்டுக்கு இடையில் வெப்பம் நகராது. அந்த 48 பங்கையும் வாங்கிக்கொள்ளும் கடல்நீர், இப்படிப்பட்ட ஓர் எந்திரத்தில் விநாடிக்கு ஏழெட்டு டன் ஓடுகிறது. அத்தனை வெப்பத்தையும் வாங்கி அது சூடாவது 9 டிகிரி அளவுக்குத்தான். அளவு பெரிது, சூடு சொற்பம். பட்டையின் அகலம் அளவைக் காட்டும். சூட்டைக் காட்டாது. சாங்கி படத்தின் எல்லை இதுதான்.

இன்னொரு கணக்கும் இங்கே உதவும். 540 டிகிரி நீராவியிலிருந்து வெப்பத்தை எடுத்து 45 டிகிரியில் விடும் எந்திரம், உராய்வே இல்லாமல் இருந்தாலும், வாங்கிய வெப்பத்தில் ஏறக்குறைய 61 சதவீதத்தைத்தான் வேலையாக்க முடியும். ஆனால் நம் பாய்லரில் எல்லா வெப்பமும் 540 டிகிரியில் ஏறுவதில்லை. தண்ணீர் கொதிப்பதே சுமார் 340 டிகிரியில். அதற்கு முன் தண்ணீரைச் சூடேற்றும் வெப்பம் அதைவிடத் தாழ்ந்த நிலையில் ஏறுகிறது. சராசரி இறங்க இறங்க, வேலையாக்கக்கூடிய பங்கும் இறங்கும்.

இப்போதுதான் அந்த 26இன் முழு அர்த்தமும் தெரிய வருகிறது. 45லிருந்து 240 டிகிரிவரை தண்ணீரைச் சூடேற்றும் வேலைக்கு நிலக்கரியின் கடும் வெப்பத்தைச் செலவழிப்பது வீண். அந்த வேலையை, டர்பைனில் ஏற்கெனவே பாதி உழைத்து முடித்த நீராவியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று உத்தேசமாகக் கணக்கிடலாம். உருவிய நீராவி கடைசிவரை போயிருந்தால் இன்னும் 6 பங்கு வேலை செய்திருக்கும். ஆக, தண்டில் 44. ஆனால் பாய்லர் 86க்குப் பதில் 112 பங்கு வெப்பம் தர வேண்டும். 112க்கு 44 என்றால் 39 சதவீதம். இப்போது 86க்கு 38, அதாவது 44 சதவீதம். மிச்சப் 20 பங்கும் கண்டன்சர் வழியாகக் கடலுக்குப் போயிருக்கும்.

அப்படியானால் இந்தச் சுற்று அறுந்தால்? நிஜத்தில் அது நடப்பதுண்டு. உயர் அழுத்த ஹீட்டருக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள். தண்ணீர் குழாய்க்குள்ளே, நீராவி வெளியே. குழாய் ஒன்று ஓட்டையானால், உள்ளே மிகுந்த அழுத்தத்தில் ஓடும் தண்ணீர் வெளியே பீறிட்டு ஹீட்டரின் அடியில் சேரும். அடியில் நீர்மட்டம் ஏறுவதே முதல் அடையாளம். அந்தத் தண்ணீர் டர்பைனுக்குள் ஏறிவிட்டால் சக்கரங்கள் நாசமாகும் என்பதால், நீராவி வரும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் ஹீட்டரைச் சுற்றிவிடும் வேறு வழியில் பாய்லருக்குப் போகும். உயர் அழுத்த ஹீட்டர்கள் எல்லாம் நின்றால், பாய்லர் வாசலில் 240 காட்ட வேண்டிய வெப்பமானி 165 அளவில் நிற்கும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஹீட்டர் நின்றாலும் எந்திரம் நிற்காது. உருவப்படாத நீராவி டர்பைனிலேயே தொடர்ந்து ஓடுவதால் மின் உற்பத்தி சற்றுக் கூடவே செய்யும். மெகாவாட் மீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகவே நடப்பதாகத் தெரியும். ஆனால் அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக எரிகிறது. முழு வேகத்தில் ஓடும் 210 மெகாவாட் எந்திரம் மணிக்குச் சுமார் 120 டன் நிலக்கரி தின்னும். 2 சதவீதம் என்றாலே ஒரு நாளைக்கு 58 டன். சாங்கி படத்தைத் திரும்ப வரைந்தால் உண்மை உடனே தெரியும்: பின்னோக்கி வரும் பட்டை மெலிந்திருக்கும், கடலுக்குப் போகும் பட்டை பெருத்திருக்கும். அலங்காரக் கோடு என்று அவள் விட்டுவிட்ட பட்டையைத்தான் ஹீட்டர் பழுதாகும்போது முதலில் பார்க்க வேண்டும்.