ஐந்து வினாடி அவகாசம்

2022 மார்ச் 27 அன்று ஆஸ்கர் விழா மேடையில் ஏறி, வில் ஸ்மித் கிறிஸ் ராக்கை அறைந்தார். அதை உலகமே பார்த்தது என்றாலும் எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஏபிசி சேனலில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. ஸ்மித் தன் இருக்கையில் உட்கார்ந்து ஏதோ கத்துகிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. டிவிதான் கெட்டுவிட்டதோ என்று ரிமோட்டை எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அதே நேரத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர் திட்டிய கெட்ட வார்த்தை உட்பட எல்லாமே வீடுகளுக்குள் வந்து விழுந்தது. நம் செல்போனுக்கு வந்த வீடியோக்களில் பல அந்த நாடுகளின் ஒளிபரப்பிலிருந்து எடுத்தவைதான்.

இரண்டுமே நேரலை. ஆனால் அமெரிக்க நேரலை சில வினாடிகள் பிந்தியது. அரங்கில் நடப்பது உடனே வீட்டுக்குப் போகாமல் ஒரு கருவியில் சற்றுத் தங்கிவிட்டுப் போகும். அந்த இடைவெளிக்காகவே ஒருவர் பொத்தான் அருகே உட்கார்ந்திருப்பார். அவர் எதிரே இரண்டு திரைகள் இருக்கும். ஒன்றில் இப்போது அரங்கில் நடப்பது ஓடும், மற்றதில் இப்போது வீடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பது ஓடும். முதல் திரையில் தகாத வார்த்தை கேட்டதும், அது இரண்டாவது திரைக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஒலியை அடைத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு ரேடியோவில் பிறந்தது. நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளில் யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாதே. அதனால் ஒரு டேப் ரிக்கார்டரில் பதிவாகும் டேப்பை அப்படியே இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் ஓடவிட்டார்கள். டேப் வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடினால், இரண்டு கருவிகளுக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர் டேப் இருந்தாலே ஐந்து வினாடி கிடைத்துவிடும். இன்று அந்த ஒரு மீட்டர் டேப்புக்குப் பதிலாகக் கணினியின் நினைவகம் இருக்கிறது. வேலை என்னவோ அதேதான்.

ஆஸ்கருக்கு இந்தத் தாமதம் வந்த கதை வேறு. 2004 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி இடைவேளையில் ஜேனட் ஜாக்சனின் மேலாடை விலகி மார்பு தெரிந்துவிட்டது. ஒரு வினாடிகூட நீடிக்காத காட்சி அது. அதற்காக சிபிஎஸ் நிறுவனத்துக்கு ஐந்தரை லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்றாலும், சேனல்களுக்குப் பிடித்த பயம் போகவில்லை. அதே மாதக் கடைசியில் நடந்த ஆஸ்கர் விழாதான் ஐந்து வினாடித் தாமதத்தோடு ஒளிபரப்பான முதல் ஆஸ்கர்.

தாமதம் இருந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியில்லை. ஒலியை அடைப்பது சுலபம். படத்தை மறைக்க வேண்டுமென்றால் அரங்கம் முழுவதையும் காட்டும் தூரத்துக் காட்சிக்குத் தாவ வேண்டும். ஐந்து வினாடியில் அதற்கு மேல் எதையும் ஒட்டவோ சீர்செய்யவோ நேரம் கிடையாது. அதோடு, பொத்தானில் கை வைத்திருப்பவர் நடப்பது நிஜமா நாடகமா என்று முடிவு செய்தாக வேண்டும். அறை விழுந்த கணத்தில் அரங்கில் இருந்த பலரே அதை ஏற்பாடு செய்த வேடிக்கை என்றுதான் நினைத்தார்கள். அறை அப்படியே வீடுகளுக்குப் போய்விட்டது. நின்றது சத்தம் மட்டும்தான்.

யாரும் வேண்டி வைக்காத தாமதம் ஒன்றும் உண்டு. செய்தி வாசிப்பவர் கேள்வி கேட்பார். களத்தில் மைக் பிடித்து நிற்கும் நிருபர் பொம்மைபோல் ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று தலையாட்டிப் பேசத் தொடங்குவார். அவருக்குப் பதில் தெரியவில்லை என்று நாம் சிரிக்கிறோம். பாவம், கேள்வியே அவர் காதுக்கு அப்போதுதான் வந்து சேர்கிறது. ஒளிபரப்புச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போய்க் கீழே வரவே கால் வினாடி ஆகிவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி விரிக்கும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். பல சிம் கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து முதுகுப்பையிலிருந்தே படம் அனுப்பும் கருவியிலும் இதே சங்கடம்தான்.

இதில் நிருபருக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. ஸ்டுடியோவிலிருந்து அவர் காதுக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அனுப்ப வேண்டும். ஒலிப் பொறியாளர் அவசரத்தில் அதை மறந்தால், நிருபர் பேசியது ஒரு வினாடி கழித்து அவர் காதிலேயே வந்து விழும். தன் குரலே பின்னால் துரத்தி வரும்போது சரளமாகப் பேச எவராலும் முடியாது. நாக்கு குழறும், வார்த்தை இழுபடும், கடைசியில் இயர்பீஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வார். காதில் கை வைத்துத் திணறும் நிருபரைப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் இதுதான். போனில் அழைக்கும் நேயரிடம் தொகுப்பாளர், “அம்மா, உங்க வீட்டு டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிடுங்க” என்று கெஞ்சுவதும் இதே காரணத்தால்தான்.

பதிவு நிகழ்ச்சியில் இந்தத் தொல்லை எதுவும் நம் கண்ணில் படாது. ரீடேக் உண்டு என்பது மட்டும் காரணமில்லை. பெரிய பதிவு நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு கேமராவும் எடுப்பதைத் தனித்தனியாகச் சேமித்துவைப்பார்கள். எந்த நொடியில் யார் முகத்தைக் காட்டுவது என்பதை எடிட்டர் பிறகு நிதானமாக முடிவு செய்வார். ஒரு பாடகர் உருகிப் பாடும்போது நடுவர் கண்ணைத் துடைப்பதாகக் காட்டுகிறார்களே, அவர் அந்தப் பாட்டுக்குத்தான் அழுதாரா என்பது எடிட்டருக்கே வெளிச்சம். நேரலையில் அந்த வசதி இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் “நாலு… ரெண்டு” என்று கேமரா எண்ணைச் சொல்லச் சொல்ல, ஸ்விட்சரில் இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார். அழுத்தியது எதுவோ அதுதான் நிகழ்ச்சி. மைக் திறந்திருப்பது தெரியாமல் யாரோ முணுமுணுப்பது, திரையில் ஒருவர் முகத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் வருவது, தொகுப்பாளர் தப்பான கேமராவைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் இந்த வேகத்தில் விளைபவைதான்.

சில சமயம் ஆளே மாறிவிடுவார். 2006 மே மாதம் பிபிசி செய்திச் சேனலில், கணினித் துறை எழுத்தாளர் கை க்யூனி பேச வேண்டிய இடத்தில், அதே நிறுவனத்துக்கு வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருந்த கை கோமாவைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்கள். இருவரும் ‘கை’ என்பதில் வந்த வினை. தன்னை நிபுணர் என்று அறிமுகப்படுத்தியதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் மனிதர் சமாளித்துக்கொண்டு, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டார். பதிவு நிகழ்ச்சியாக இருந்தால் அது வெளியே வந்தே இருக்காது.

இதையெல்லாம் தவிர்க்கத்தான் ஒத்திகை. ஒத்திகை நட்சத்திரங்களுக்கானது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது கேமராக்காரர்களுக்கானது. ஆஸ்கருக்கு முந்தைய நாட்களில் அரங்கத்துக்குள் போனால் விசித்திரமாக இருக்கும். இருக்கைகளில் ஆட்களுக்குப் பதில், யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்று காட்டும் முகப்படம் போட்ட அட்டைகள் இருக்கும். போட்டியாளர் ஐவரின் முகங்களையும் ஒரே திரையில் ஐந்து கட்டங்களாகக் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கேமரா குறிவைத்துத் தயாராக நிற்க வேண்டுமே. மேடையில் மாற்று நடிகர்கள் ‘வெற்றி பெற்று’ நன்றியுரைகூட ஆற்றுவார்கள். உண்மையான முடிவு கசிந்ததாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக, “இந்த ஒத்திகைக்கு மட்டும் விருது பெறுபவர்” என்று சொல்லித்தான் பெயரையே படிப்பார்கள்.

இவ்வளவு ஒத்திகை பார்த்த மேடையில்தான் 2017 பிப்ரவரி 26 அன்று சிறந்த படத்துக்கான விருது தப்பான கைக்குப் போனது. தேர்தல் கணக்கைப் பார்க்கும் பிடபிள்யூசி நிறுவனத்தின் இருவர் மேடையின் இரு பக்கமும் நிற்பார்கள். விருது வழங்குபவர் எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பதால், இருவரிடமும் எல்லா உறைகளும் ஒரு செட் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து ஓர் உறை போனதும், மறுபக்கம் நிற்பவர் தன்னிடமுள்ள அதன் இரட்டையை எடுத்துத் தள்ளிவைத்துவிட வேண்டும். சிறந்த நடிகைக்கான உறை ஒரு பக்கத்திலிருந்து போய்விட்டது. மறுபக்கம் இருந்த இரட்டை தள்ளிவைக்கப்படவில்லை. அடுத்து வந்த வாரன் பேட்டியின் கையில் அது போய்ச் சேர்ந்தது.

பேட்டி பிரித்தார், படித்தார், உறைக்குள் இன்னொரு சீட்டு இருக்கிறதா என்று பார்த்தார். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. அவர் சீட்டை ஃபே டனவேயிடம் காட்டினார். அதில் எம்மா ஸ்டோன் பெயரும் கீழே ‘லா லா லேண்ட்’ என்ற படத்தின் பெயரும் இருந்தன. எந்த விருது என்பது அடியில் பொடி எழுத்தில் இருந்தது. டனவே படப் பெயரைப் படித்துவிட்டார்.

இங்கே ஐந்து வினாடித் தாமதம் எதற்கும் உதவவில்லை. மூடி மறைக்க அதில் தகாத சொல்லோ காட்சியோ எதுவும் இல்லையே. தவறு என்று தெரிந்த இருவரும் உடனே மேடைக்கு ஓடியிருக்க வேண்டும். அவர்கள் ஓடவில்லை. தவறைத் திருத்தும் நடைமுறை போதிய வேகத்தில் பின்பற்றப்படவில்லை என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் போனது, நன்றியுரைகள் நடந்துகொண்டிருந்தன, ஹெட்செட் மாட்டிய ஆட்கள் மேடையில் நடமாடத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் அந்த இரவில் வேலையைச் சரியாகச் செய்தது ஒரு கேமராதான். ‘லா லா லேண்ட்’ தயாரிப்பாளர் ஜோர்டன் ஹோரோவிட்ஸ் வென்றது ‘மூன்லைட்’ என்று அறிவித்து, சரியான சீட்டை உயர்த்திப் பிடித்ததும், அது நேராகச் சீட்டை நெருங்கி எழுத்தைத் திரை முழுக்கக் காட்டியது. இது விளையாட்டில்லை என்று வீட்டில் இருந்தவர்கள் நம்பியது அப்போதுதான். அந்தக் காட்சியை யாரும் ஒத்திகை பார்த்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு விதிகள் மாறின. உறையில் விருதின் பெயர் பெரிய எழுத்துக்கு வந்தது. உறையை வாங்குபவரும் மேடை மேலாளரும் அது சரியான உறைதானா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறை கொடுப்பவர்கள் மேடைக்குப் பின்னால் செல்போன் வைத்திருக்கக் கூடாது. தப்பான உறை கைமாறுவதற்குச் சற்று முன்புதான் அதைக் கொடுத்தவர் எம்மா ஸ்டோனைப் படம் பிடித்து ட்விட்டரில் போட்டிருந்தார். வெற்றியாளர் பட்டியலை மனப்பாடம் செய்த மூன்றாவது ஆள் ஒருவர் இயக்குநர் இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்தார். 2018இல் சிறந்த படத்தை அறிவிக்க பேட்டியையும் டனவேயையுமே திரும்ப அழைத்தார்கள். இந்த முறை அவர்கள் படித்தது ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’. மேடையேறிய இயக்குநர் கியர்மோ டெல் டோரோ உறையை வாங்கி, உள்ளே தன் படத்தின் பெயர்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.