நம் தட்டுக்கு வரும் வழி – 9: சதை கெட்டி, கண் குழி

2018 ஜூன் கடைசி வாரம். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போன மீன் வண்டிகளை ஆரியங்காவு சோதனைச் சாவடியில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நிறுத்தினார்கள். பெட்டிகளைத் திறந்து பரிசோதித்துவிட்டு, ஏறத்தாழ 9,600 கிலோ மீனில் பார்மலின் கலந்திருப்பதாக அறிவித்தார்கள். 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் கேரள அரசு நடத்திய சோதனைகளில் சிக்கிய பெரிய சரக்கு அது. அடுத்த மாதமே கோவா அரசு வெளிமாநில மீன்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. அசாமும் ஆந்திர மீனை நிறுத்தியது.

சாமராஜநகரில் இருக்கும் நமக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. நம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சுவர்ணாவதி, சிக்கஹொளே அணைப் பக்கத்துக் கட்லாவையும் ரோகுவையும் விட்டால், பங்குடே என்று கேட்டு வாங்கும் அயிலையும் மத்தியும் மலையிறங்கியோ மலையேறியோதான் வந்தாக வேண்டும். குண்டலுப்பேட்டை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி ஓடக் கூடாது. காட்டு வாசலில் விடியக் காத்து நிற்கும் வண்டியில் பனிக்கட்டி உருகிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி போட்டால் அயிலை சில நாள் தாராளமாகத் தாங்கும். ஆனால் பனிக்கட்டிக்குக் காசும் இடமும் வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவன் கையில்தான் பார்மலின் பாட்டில் ஏறுகிறது.

பார்மலின் என்பது பார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் வரை கரைத்த திரவம். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் தவளையும் பாம்பும் வருடக்கணக்கில் அழுகாமல் மிதப்பது இதில்தான். இது கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை. சதையிலுள்ள புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அழுகி இளக வேண்டிய சதை இளகாமல் விறைத்து நிற்கிறது. உணவில் இதைச் சேர்க்க இந்தியாவில் அனுமதியே இல்லை.

பார்மலின் சதையை விறைக்க வைக்கும் இந்த வேலையை மனதில் வைத்துக்கொண்டால், மீனைப் பார்க்கும் விதமே மாறிவிடும். "கல்லு மாதிரி இருக்கு பாருங்கண்ணா, இப்பதான் வந்துச்சு" என்று கடைக்காரர் மீனை அழுத்திக் காட்டுவார். சதை கெட்டியாக இருப்பதைக் கண்டு நாம் ஏமாறக் கூடாது. பார்மலின் சதையைத்தான் பிடித்து நிறுத்தும். செவுளில் ஓடிய ரத்தத்தின் சிவப்பைத் திருப்பித் தராது, கண்ணில் வற்றிய நீரையும் ஊட்டாது. ஆகவே பார்க்க வேண்டியது உறுப்புகளுக்குள் உள்ள முரண்பாடு. செவுள் மூடியைத் தூக்குங்கள். நல்ல மீனில் அது ஈரமாக, சிவப்பாக, வழவழப்போடு இருக்கும். உள்ளே பழுப்பேறி வெளிறியிருக்க, கண் குழிந்து வெள்ளை படர்ந்திருக்க, சதை மட்டும் ரப்பரைப் போல விறைத்து நின்றால் அந்த மீனை வைத்துவிடுங்கள். பழைய மீனுக்கு இளகிய சதை, புது மீனுக்குத் தெளிந்த கண். இரண்டும் இடம் மாறி இருப்பதற்கு இயற்கையில் காரணம் குறைவு.

மணத்தையும் கவனியுங்கள். கடல் வாசமும் இல்லாமல், கெட்ட நாற்றமும் இல்லாமல் ஒன்றுமே மணக்காத மீன் சந்தேகத்துக்குரியது. மூக்கைச் சுள்ளென்று குத்தினால் சந்தேகமே வேண்டாம். ஈ உட்காரவில்லை என்பதைப் பலரும் பெரிய அடையாளமாகச் சொல்கிறார்கள். நான் அதற்கு அத்தனை மதிப்புக் கொடுக்க மாட்டேன். நிறையப் பனிக்கட்டி போட்ட நல்ல மீனிலும் ஈ குறைவாகத்தான் உட்காரும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சமாகத் தெளித்திருந்தால், அதுவும் புது மீனில் தெளித்திருந்தால், கண்ணும் கையும் மூக்கும் எதையும் காட்டிக் கொடுக்காது.

அதற்காகத்தான் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 'சிஃப்டெஸ்ட்' என்ற தாள் பரிசோதனையைக் கண்டுபிடித்தது. தாளை மீனின் மேல் தேய்த்து, உடன் வரும் மருந்தை ஒரு சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் முடிந்துவிடும். அது தொடுவது மீனின் மேற்பரப்பை மட்டும்தான். ஆகவே கழுவுவதற்கு முன்பே தேய்க்க வேண்டும்.

கழுவினால் போய்விடுமா என்பதுதான் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பாதிப் பதில் ஆம். பார்மால்டிஹைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். தோலின் மேலும் செவுளிலும் வயிற்றுக்குள்ளும் கட்டுப்படாமல் தங்கியிருப்பது ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி போகும். அதனால் முதலில் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, பிறகு பலமுறை தண்ணீர் மாற்றிக் கழுவுவது பயனுள்ள வேலை. ஆனால் மணிக்கணக்கில் ஊறிய மீனில் அது சதைக்குள் இறங்கிப் புரதத்தோடு பிணைந்துவிடும். அந்தப் பிணைப்பை எந்தத் தண்ணீரும் அவிழ்க்காது. கையில் ரப்பராகத் தெரிவதே அந்தப் பிணைப்புதான். நாலு முறை கழுவிய பிறகும் சதை அப்படியே விறைத்திருந்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது.

கல்லுப்பு, மஞ்சள், எலுமிச்சை, வினிகர் எல்லாம் நம் சமையலறைப் பழக்கம். உப்பு வழவழப்பை எடுக்கும். புளிப்பு, மீன் கெடும்போது வரும் அமோனியா போன்ற நாற்றத்தை அடக்கும். பார்மலினுக்கு இவை தண்ணீரைவிடப் பெரிய மாற்று அல்ல. சந்தேகமுள்ள மீனில் எலுமிச்சை பிழிந்தால், அது பழைய மீன் என்று சொல்லும் ஒரு சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம். கொதிக்கும்போது கொஞ்சம் ஆவியாகப் போகும் என்பது உண்மை. சதையிலிருந்து வெளியேறி ஆவியாகாத மிச்சம் குழம்பிலேயே தங்கும். அந்தக் குழம்பைத்தானே சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம்?

கோவாவில் நடந்ததும் நமக்குப் பாடம். சந்தையில் கருவி பார்மலின் காட்டிய மீனை ஆய்வகத்தில் பார்த்துவிட்டு, அளவு அனுமதிக்குள் இருக்கிறது என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். மீனில் இயற்கையாகவே சிறிது பார்மால்டிஹைடு உருவாகும் என்பது பொய் அல்ல. மும்பைக்காரர்களின் பொம்பில் போன்ற சில கடல் மீன்களில் அது அதிகமாகவே இருக்கும். 2019இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இயற்கையாக உண்டாகும் அளவுக்கு வரம்பு வைத்தபோது, மீன் வகையைப் பொறுத்துக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று இரண்டு எல்லைகளைக் குறித்தது.

இந்த எண்களைச் சாப்பாட்டுக் கணக்கில் பார்ப்போம். கிலோவுக்கு 4 மில்லிகிராம் உள்ள மீனில் 200 கிராம் தின்றால் உடலுக்குள் போவது 0.8 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாய்வழியாக ஒரு நாளுக்கு வகுத்த எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறிய மீனில் அதே 200 கிராம் தின்றால் 20 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு எல்லை 3 மில்லிகிராம்தான். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கான சான்றுகள் பெரும்பாலும் மூச்சுவழி உள்ளே போவதைப் பற்றியவை. ஆகவே மீனை வெட்டிப் பெட்டி தூக்கும் தொழிலாளிக்கு ஆபத்து நம்மைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் கழுவிப் பார்ப்பதைவிட வாங்காமல் விடுவதே சரி. அடிக்கடி சந்தேகம் தரும் கடையென்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். 14 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். கலப்படம் என்று தெரிந்தால் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும்.