பவுன்ஸ் ஆனவர் எங்கே போனார்?

ஒரு பல் மருத்துவமனைக்கு இணையதளம் இருக்கிறது, அதில் கூகுள் அனலிடிக்ஸ் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஒருநாள் அதைத் திறக்கிறார். திரை முழுக்க ஆங்கிலம்: Sessions 100, Bounce rate 40%, Key events 0. முதல் எண்ணில் மகிழ்ந்தவர், இரண்டாவதில் வாடிப்போகிறார். நூற்றுக்கு நாற்பது பேர் நம் பக்கம் பிடிக்காமல் ஓடிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அநேகமாக எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் செஷன். இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. நாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறோம், மறுமுனையில் சத்தமே இல்லை என்றால் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, லைன் போய்விட்டது என்று முடிவு செய்கிறோம் அல்லவா? அனலிடிக்ஸும் அதையே செய்கிறது. வந்தவரிடமிருந்து 30 நிமிடம் எந்த அசைவும் இல்லை என்றால் அந்த செஷனை முடித்துவிடும். ஒருவர் காலையில் கட்டண விவரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு வந்து மீண்டும் பார்த்தால் இரண்டு செஷன். டாக்டரின் நூறு செஷனுக்குப் பின்னால் எழுபது பேரே இருக்கலாம்.

இப்போது பவுன்ஸ். மூன்றில் ஒன்று நடந்தால் போதும், அந்த செஷனை ஈடுபாடு உள்ளது என்று அனலிடிக்ஸ் எடுத்துக்கொள்ளும்: வருகை 10 விநாடிக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்த்திருக்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். இந்த மூன்றுமே இல்லாத செஷன்தான் பவுன்ஸ். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற கேள்வியே இந்தக் கணக்கில் கிடையாது.

பல்வலியில் துடிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேடலில் மருத்துவமனையைக் கண்டுபிடிக்கிறார், பக்கம் திறக்கிறது, மேலேயே போன் நம்பர் இருக்கிறது. எட்டாவது விநாடியில் அதைத் தொட்டு அழைத்துவிடுகிறார். மாலை ஐந்து மணிக்கு நாற்காலியில் வந்து உட்காரவும் செய்கிறார். டாக்டருக்கு இதைவிட நல்ல வருகை இல்லை. ஆனால் திரையில் அவர் ஒரு பவுன்ஸ். ஒரே பக்கம், பத்து விநாடிக்குள், குறித்து வைத்த செயல் எதுவும் இல்லை. நம்பரைத் தேடி மூன்று பக்கம் அலைந்து, கிடைக்காமல் சலித்துப் போனவரோ ஈடுபாடு உள்ளவர் பட்டியலில் இருக்கிறார்! இந்த ஒன்று புரிந்துவிட்டால் பவுன்ஸைக் கண்டு பதற வேண்டியதில்லை.

மூன்றாவது எண் ஏன் பூஜ்யம் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. நாம் வந்தவரிடம் எதிர்பார்க்கும் காரியம் நடப்பதைத்தான் கன்வெர்ஷன் என்று சொல்லி வந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அனலிடிக்ஸில் அதை Key event என்று மாற்றிவிட்டது. பழைய பெயரை விளம்பரக் கணக்கோடு சேர்ந்த எண்ணுக்கு வைத்துக்கொண்டது. எது நமக்கு முக்கியம் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். போன் நம்பரைத் தொடுவதை அனலிடிக்ஸ் தானாகக் கவனிக்காது. அதைக் கவனிக்கும்படி தளத்தைச் செய்துகொடுத்தவரிடம் அமைக்கச் சொல்லி, பிறகு முக்கியச் செயலாகக் குறிக்க வேண்டும்.

டாக்டர் அப்படியே செய்கிறார். அடுத்த வாரமும் நூறு செஷன், முன்பு போலவே நாற்பது செஷன் ஒரே பக்கத்தோடு பத்து விநாடிக்குள் முடிகின்றன. அவற்றில் 28 செஷனில் வந்தவர் நம்பரைத் தொட்டிருக்கிறார். அந்த 28 செஷனும் இப்போது பவுன்ஸ் கணக்கிலிருந்து வெளியேறிவிட, மிச்சம் 12%. தளத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பழைய வாரத்து 40% மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் இந்தக் குறிப்பு முன்தேதியிட்டுச் செல்லாது. இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்து, தளம் முன்னேறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. தொட்டவர் எல்லோரும் பேசினார்களா என்பதும் இதில் தெரியாது; அதற்கு வரவேற்பறையில் இருக்கும் அழைப்பு நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு ஏமாற்று உண்டு. பவுன்ஸ் திடீரென்று இரண்டு, மூன்று சதவீதத்துக்கு விழுந்தால், அனலிடிக்ஸ் நிரலை யாரோ இரண்டு முறை ஒட்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் திறந்தாலே இரண்டு பக்கம் பார்த்ததாகப் பதிவாகி, எல்லா வருகையும் ஈடுபாடு உள்ளதாகிவிடும். டீபக் மோடை இயக்கிவிட்டுத் தளத்தை ஒருமுறை திறந்து, DebugView திரையில் `page_view` எத்தனை தடவை வந்து விழுகிறது என்று எண்ணினால் விஷயம் தெரிந்துவிடும்.